75 வினாடியில் ஒரு சோப்பு: கல்லூரி ப்ராஜெக்டுக்கு விளக்க அனிமேஷன் ஸ்கிரிப்ட் எழுதும் முறை

"மாணவன் சாப்பிட்டு எழுந்து, குழாயடிக்குப் போய்க் கை கழுவுகிறான்." இதைத் தட்டச்சு செய்ய அரை நிமிடம்கூட ஆகாது. வரைய உட்கார்ந்தால்தான் கணக்கு தெரியும். உட்கார்ந்த நிலையில் ஒரு உடம்பு, நிற்கும் நிலையில் ஒன்று, பக்கவாட்டில் நடக்கக் கால்களின் சுழற்சி, சாப்பாட்டு மேசை, குழாய், தொட்டி, விழும் தண்ணீர், விரல்கள் பிரிந்து தெரியும் இரண்டு கைகள். இவ்வளவுக்குப் பிறகும் பார்ப்பவருக்கு எதுவும் விளங்கியிருக்காது. விளக்கவேண்டிய விஷயம் இன்னும் தொடங்கவே இல்லை. அனிமேஷனில் பணமும் நேரமும் கரைவது ஸ்கிரிப்டில் இருக்கும் வினைச்சொற்களில். அதனால் செலவைக் குறைக்கும் வேலையும் ஸ்கிரிப்டிலேயே நடந்தாக வேண்டும். வரையத் தொடங்கிய பிறகு குறைத்தால் காட்சி பாதியில் நிற்கும்.

இதை ஒரே உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். தலைப்பு: கையில் ஒட்டிய எண்ணெயைச் சோப்பு எப்படி நீக்குகிறது. குழுவில் மூன்று நான்கு பேர், கையில் இலவச மென்பொருள், இரண்டு வார அவகாசம். அனிமேஷனுக்குப் புதியவர்கள், வெட்டி ஒட்டிய பாகங்களை நகர்த்தும் முறையில், ஒரு நாளில் 5 முதல் 8 வினாடி வரை முடிப்பார்கள் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. அப்படியானால் 75 வினாடிக்கே ஏறக்குறைய 10 முதல் 15 நாள் வேலை; ஆளுக்கு ஒரு பகுதியாகப் பிரித்துக்கொண்டால் ஒரு வாரத்துக்குள் அடங்கும். மூன்று நிமிடப் படம் எடுக்கலாம் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

ஸ்கிரிப்டின் முதல் வரிக்கு முன்னால் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். படம் முடிந்ததும் பார்த்தவர் தன் வாயால் சொல்லக்கூடிய ஒரே வாக்கியம் அது. "சோப்பின் ஒரு முனை எண்ணெயில் நுழைகிறது, மறு முனை தண்ணீரோடு சேர்கிறது, அதனால் எண்ணெய் தண்ணீரோடு போய்விடுகிறது." இதற்கு உதவாத எதையும் எழுதப்போவதில்லை என்பதுதான் ஒப்பந்தம். சோப்பு தயாரிக்கும் முறை, கடின நீரில் நுரை வராத காரணம், பரப்பு இழுவிசை, கிருமிகள் எல்லாமே சுவையான விஷயங்கள்தான். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு புதுப் படத்தைக் கேட்கும். கடின நீர் என்று ஒரு வரி சேர்த்தால் கால்சியம் என்று ஒரு புது உருவம், அது சோப்பைப் பிடிக்கும் ஒரு புது அசைவு, படிவு விழும் ஒரு புதுக் காட்சி. ஒரு வரிக்கு மூன்று வேலை. அறிக்கையில் எழுதுங்கள், படத்தில் வேண்டாம்.

அடுத்தது பாத்திரங்கள். கதாபாத்திரம் என்றாலே மனிதன், அதுவும் பேசும் மனிதன், என்றுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். பேசும் மனிதனுக்கு வாய் வேண்டும், வாய் இருந்தால் உதட்டசைவு வேண்டும், உதட்டசைவை ஒலியோடு பொருத்துவது தனி வேலை. இந்தத் தலைப்பில் உண்மையான நாயகன் சோப்பு மூலக்கூறு. ஒரு வட்டத் தலை, ஒரு நீண்ட வால், தலையில் இரண்டு கண். வாய் கிடையாது. ஒரு முறை வரைந்து வாலில் நான்கைந்து மூட்டு வைத்துவிட்டால், அதையே நகலெடுத்து இருபதாக்கலாம், ஐம்பதாக்கலாம். கூட்டக் காட்சி இலவசமாகக் கிடைக்கும் அரிய தலைப்புகளில் இது ஒன்று. கண்மணியை இடம் மாற்றினால் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரியும், இமையை மூடினால் சிமிட்டும். அவ்வளவு நடிப்பு போதும்.

தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் முகம் வைக்கலாமா என்பது செலவுப் பிரச்சினை மட்டும் இல்லை. முகம் வைத்ததும் குழுவில் யாராவது "எண்ணெய் தண்ணீரை வெறுக்கிறது" என்று எழுதி, எண்ணெய்த் துளி முகத்தைச் சுளித்துப் பின்வாங்குவதாகக் காட்டுவார்கள். பார்க்க நன்றாக இருக்கும். அறிவியல் தவறாகிவிடும். தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று வலுவாகப் பிணைந்திருக்கின்றன. அந்தப் பிணைப்புக்குள் எண்ணெயால் சேர முடிவதில்லை. காரணம் தண்ணீரின் பக்கம் இருக்கிறது, எண்ணெயின் கோபத்தில் இல்லை. வாய்மொழித் தேர்வில் கேள்வி இங்கேதான் விழும்: "எண்ணெய் ஏன் விலகுகிறது?" படத்தில் நாமே சுளித்த முகம் போட்டுவிட்டு, பதிலில் வேறு கதை சொல்ல முடியாது. ஆகவே சோப்புக்கு மட்டும் கண். தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் முகமில்லை. "பிடிக்கும்", "வெறுக்கும்" என்பதற்குப் பதிலாகக் குரலில் "சேரும்", "சேராது" என்று சொன்னால் தவறும் இல்லை, பேச்சும் இயல்பாக இருக்கும்.

இனி நீளம். ஆங்கில விளக்கப் படங்களுக்குச் சொல்லப்படும் நிமிடத்துக்கு 150 சொல் என்ற கணக்கைத் தமிழில் அப்படியே எடுத்துக்கொண்டால் படம் மூச்சுவாங்கும். தமிழில் உருபும் காலமும் ஒரே சொல்லுக்குள் அடங்குவதால் சொற்கள் நீளம். நிதானமான விவரிப்புக்கு நிமிடத்துக்கு 90 முதல் 105 சொல் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பேசப்போகிறவரின் வேகம்தான் கடைசியில் முக்கியம். அவரை ஏதாவது ஒரு பக்கத்தைச் சரியாக ஒரு நிமிடம் படிக்கச் சொல்லி, நின்ற இடம் வரை எண்ணிவிடுங்கள். பிறகு மொத்த நேரத்தில் நான்கில் ஒரு பங்கை மௌனத்துக்கு ஒதுக்குங்கள். பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். அசைவு தனியாக நடக்கும் சில வினாடிகள் இல்லாவிட்டால் பார்ப்பவர் கேட்டுக்கொண்டே இருப்பார், பார்க்கமாட்டார். 75 வினாடியில் பேச்சுக்கு 55 வினாடி என்றால் 85, 90 சொற்களுக்கு மேல் இடமில்லை.

இந்த அளவுக்குள் எழுத ஆரம்பித்ததும் தமிழ் வாக்கியமே ஒரு சிக்கலைக் கொண்டுவரும். பெரும்பாலான முதல் வரைவில் இப்படி ஒரு வரி இருக்கும்:

"நீண்ட வாலைக் கொண்ட சோப்பு மூலக்கூறுகள் எண்ணெய்த் துளிக்குள் தம் வாலை நுழைத்து, தலையை வெளியே நிறுத்தி, அதை முழுவதுமாகச் சூழ்ந்துகொள்கின்றன."

படிக்கத் தெளிவான வாக்கியம்தான். ஆனால் வினை கடைசியில் வருகிறது, நடுவில் இரண்டு வினையெச்சங்கள் தொங்குகின்றன. ஒன்பது பத்து வினாடி ஒரே மூச்சில் ஓடும் பேச்சு, அதற்குள் மூன்று அசைவு. அனிமேஷன் செய்பவர் வால் நுழைவதை எந்த நொடியில் வைப்பார்? "வாலை" என்று கேட்டதும் நுழைத்தால், "நுழைத்து" என்று சொல்லும்போது திரையில் ஒன்றும் நடக்காது. "நுழைத்து" வரும்வரை காத்திருந்தால், அதற்கு முன் ஐந்து வினாடி திரை சும்மா கிடக்கும். இரண்டுமே தப்பு நேரத்தில் நடப்பது போலவே தோன்றும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, படம் "ஒட்டவில்லை" என்று மட்டும் சொல்வார். மருந்து எளிது: ஒரு வாக்கியத்துக்கு ஒரு அசைவு, முற்றுவினையோடு முடியட்டும். "வால் உள்ளே நுழையும். தலை வெளியே நிற்கும்." இரண்டு சிறு வாக்கியம், இரண்டு அசைவு, நடுவில் ஒரு சிறு இடைவெளி. அசைவு வினைச்சொல்லின் மேல் விழ வேண்டும். "-த்து", "-ந்து", "-த்தி" என்று முடியும் எச்சங்களை வட்டமிட்டுப் பாருங்கள். ஒரே வாக்கியத்தில் இரண்டு வட்டம் விழுந்தால் அதை உடைக்கவேண்டும்.

எழுத்து நடையா, பேச்சு நடையா என்பதையும் முதலிலேயே முடிவுசெய்துவிட வேண்டும். பாதிப் படத்தில் "நீங்குகிறது", மீதியில் "போயிடுது" என்று வந்தால் இரண்டு பேர் தனித்தனியாக எழுதிச் சேர்த்தது பளிச்சென்று தெரியும். எளிய எழுத்து நடையே பாதுகாப்பு: "அகற்றப்படுகிறது" வேண்டாம், "போகிறது" போதும். பாடநூல் கலைச்சொல் தேவைப்பட்டால் அதைக் குரலில் வைக்காமல் திரையில் ஒரு குறிப்பாக வைக்கலாம். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

ஸ்கிரிப்டை வரிசை எண்ணோடு இரண்டு பத்தியாக எழுதுவது வழக்கம்: ஒரு பக்கம் குரல், இன்னொரு பக்கம் படம். சின்ன பட்ஜெட்டுக்கு மூன்றாவதாக ஒரு பத்தி தேவை: "புதிதாக வரைய வேண்டியது". ஒரு வரிசையில் அந்த இடம் காலியாக இருந்தால் அந்தக் காட்சி ஏறக்குறைய இலவசம். மூன்று பொருள் இருந்தால் அந்த வரிசையைத்தான் முதலில் வெட்ட வேண்டும். நம் உதாரணம் முழுவதுமாக இப்படி வரும்.

1. குரல்: "கையில் எண்ணெய். தண்ணீர் விட்டுக் கழுவினால் போகவில்லை."
படம்: விரித்த உள்ளங்கை, அசையாது. மேலே மூன்று மஞ்சள் திட்டு. தண்ணீர்த் துளிகள் வழிந்து ஓடுகின்றன, திட்டு அப்படியே இருக்கிறது.
புதிது: உள்ளங்கை, எண்ணெய்த் திட்டு, துளி.

2. குரல்: "ஏனென்றால் தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய்க்கு நடுவில் இடம் கிடைப்பதில்லை."
படம்: திட்டின் மேல் ஒரு வட்டம் விரிந்து திரையை நிரப்புகிறது. உள்ளே வெளிர்நீலப் பின்னணி. தண்ணீர் மூலக்கூறுகள் நெருங்கி நிற்கின்றன, எண்ணெய் ஓரமாக ஒதுங்கியிருக்கிறது. பேச்சுக்குப் பின் 2 வினாடி மௌனம்.
புதிது: தண்ணீர் மூலக்கூறு, வெளிர்நீலப் பின்னணி.

3. குரல்: "இது சோப்பு மூலக்கூறு. இதற்கு ஒரு தலை. ஒரு நீண்ட வால்."
படம்: சோப்பு மேலிருந்து மிதந்து வருகிறது. தலை என்றதும் கண் சிமிட்டுகிறது. வால் என்றதும் வால் நெளிகிறது.
புதிது: சோப்பு மூலக்கூறு.

4. குரல்: "தலை தண்ணீரோடு சேரும். வால் சேராது. அது எண்ணெயோடு சேரும்."
படம்: தண்ணீர் மூலக்கூறுகள் தலையைச் சுற்றி நெருங்குகின்றன. வால் எண்ணெயின் பக்கம் திரும்புகிறது. இரண்டு சிறு குறிப்புகள் திரையில்.
புதிது: எதுவுமில்லை.

5. குரல்: "எண்ணெய் பக்கத்தில் வந்ததும் வால் உள்ளே நுழையும். தலை வெளியே நிற்கும்."
படம்: அதேதான், கொஞ்சம் அருகில்.
புதிது: எதுவுமில்லை.

6. குரல்: "ஒன்று. இன்னொன்று. பிறகு ஏராளம்."
படம்: ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வால் நுழைகிறது. "ஏராளம்" என்றதும் எல்லாப் பக்கமிருந்தும் நகல்கள். 5 வினாடி பேச்சில்லை.
புதிது: எதுவுமில்லை.

7. குரல்: "கையைத் தேய்க்கிறோம். எண்ணெய் உடைகிறது. சின்னச் சின்ன உருண்டைகள். ஒவ்வொன்றையும் சோப்பு சூழ்ந்துகொள்கிறது."
படம்: 2 வினாடி உள்ளங்கை; அதன் கண்ணாடிப் பிம்பம் மேலே முன்னும் பின்னும் சறுக்குகிறது. மறுபடி வட்டத்துக்குள்: திரை குலுங்குகிறது, பெரிய துளி நான்காகப் பிரிகிறது.
புதிது: எதுவுமில்லை.

8. குரல்: "இப்போது வெளிப்பக்கம் முழுவதும் தலைகள். தலைகள் ஒன்றையொன்று தள்ளும். அதனால் உருண்டைகள் மறுபடி சேர்வதில்லை."
படம்: இரண்டு உருண்டை நெருங்குகின்றன, தொடுமுன் நின்று விலகுகின்றன.
புதிது: எதுவுமில்லை.

9. குரல்: "தண்ணீர் ஊற்றுகிறோம். தலைகள் தண்ணீரோடு போகின்றன. எண்ணெயும் கூடவே போகிறது."
படம்: உருண்டைகள் எல்லாம் ஒரே திசையில் திரையை விட்டு வெளியேறுகின்றன. பேச்சுக்குப் பின் 4 வினாடி மௌனம்.
புதிது: எதுவுமில்லை.

10. குரல்: "தண்ணீர் மட்டும் போதாது. சோப்பைப் பூசிவிட்டுத் துடைத்தாலும் போதாது. சோப்பு, தேய்ப்பு, தண்ணீர், மூன்றும் வேண்டும்."
படம்: முதல் காட்சியின் உள்ளங்கை, திட்டு இல்லாமல்.
புதிது: எதுவுமில்லை.

மொத்தம் 87 சொல். வரைய வேண்டியவை ஐந்து பொருளும் ஒரு பின்னணியும். உள்ளங்கைக் காட்சிக்கு வெறும் ஒற்றை நிறம் போதும். மூன்றாவது வரிசைக்குப் பிறகு புதிதாக ஒன்றுமே வரையவில்லை என்பதைக் கவனிக்கலாம். அது தானாக அமையாது. நான்காவது வரிசையிலிருந்து எழுதும்போது "இருப்பதை வைத்தே இதைச் சொல்ல முடியுமா?" என்று கேட்டுக்கொண்டே எழுதினால்தான் அமையும்.

ஏழாவது வரிசையில் கொஞ்சம் நிற்க வேண்டும். கை தேய்ப்பது என்பது வரைபவருக்குப் பெரிய தலைவலி: பின்னிக்கொள்ளும் விரல்கள், மறையும் கட்டைவிரல், மாறும் கோணம். அதை வெட்டிவிடவும் முடியாது. தேய்க்காவிட்டால் எண்ணெய் ஏன் சின்ன உருண்டையாகிறது என்பதற்குக் காரணமே இருக்காது. இந்த மாதிரி இடங்களில் வினையைச் செய்பவரைக் காட்டாமல் அதன் விளைவைக் காட்டுவதுதான் வழி. கை இரண்டு வினாடி சறுக்கினால் போதும், பிறகு மூலக்கூறு உலகமே குலுங்குகிறது. பின்னணியில் தேய்க்கும் சத்தம் ஒன்று சேர்த்தால் மனது மீதியை நிரப்பிக்கொள்ளும். நடப்பது, எடுப்பது, கட்டிப்பிடிப்பது, திரும்பிப் பார்ப்பது எல்லாம் செலவு பிடிக்கும் வினைகள். தோன்றுவது, சறுக்குவது, பெரிதாவது, குலுங்குவது, நிறம் மாறுவது, பிரிவது எல்லாம் மலிவு. முதல் வகை வினை ஸ்கிரிப்டில் வரும் இடமெல்லாம் இரண்டாம் வகைக்கு மாற்ற முடியுமா என்று பார்த்துவிடுங்கள்.

எட்டாவது வரிசை, முதல் வரைவுகளில் அநேகமாக இருக்காது. சோப்பு எண்ணெயைச் சூழ்ந்தது, தண்ணீர் அடித்துக்கொண்டு போனது, முடிந்தது என்று எழுதிவிடுவார்கள். பார்க்கிறவர் மனதில் ஒரு ஓட்டை விழும்: உடைந்த உருண்டைகள் மறுபடி ஒன்றுசேரக்கூடாதா? சோப்பின் தலை எதிர்மின் சுமை உடையது. ஒரே வகைச் சுமைகள் ஒன்றையொன்று விலக்கும் என்பதால் தலைகள் போர்த்திய உருண்டைகள் ஒட்டுவதில்லை. குரலில் "மின்சுமை" என்று சொல்லாமல் தலைகளின் மேல் ஒரு சிறு கழித்தல் குறி வைத்தால் வேதியியல் தெரிந்தவருக்கும் புரியும், தெரியாதவருக்கும் இடறாது. காரணச் சங்கிலியில் எந்தக் கண்ணி விட்டுப்போனது என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு வரிசைக்கு நடுவிலும் "அதனால்" என்று வைத்துப் படியுங்கள். "அதனால்" பொருந்தாமல் "பிறகு" மட்டும் பொருந்தும் இடத்தில்தான் விளக்கம் அறுந்திருக்கும்.

அளவு பற்றியும் ஒரு கேள்வி வரும். சோப்பு மூலக்கூறு ஏறத்தாழ 2 நானோமீட்டர் நீளம். உள்ளங்கையையும் அதையும் ஒரே சட்டத்தில் காட்டினால் மூலக்கூறு ஒரு புழு அளவு தெரியும். இரண்டாவது வரிசையில் வட்டம் விரிவது அழகுக்காக இல்லை. வேறு அளவுள்ள உலகத்துக்குள் போகிறோம் என்று சொல்ல. அந்த வட்டம் திரும்ப வரும்போதெல்லாம் அதே வேகத்தில், அதே ஓசையோடு வரவேண்டும்.

திரையில் எழுத்து வைப்பதில் இரண்டு விஷயம். ஒன்று, குரல் சொல்வதையே முழு வாக்கியமாக எழுதிவைத்தால் எல்லாரும் அதைத்தான் படிப்பார்கள், படத்தை யாரும் பார்க்கமாட்டார்கள். ஒரு நேரத்தில் இரண்டு மூன்று சொல் போதும், குறைந்தது 3 வினாடி நிற்கட்டும். இன்னொன்று தமிழுக்கே உரிய தொல்லை: சில அனிமேஷன் மென்பொருள்கள் தமிழ் எழுத்தைச் சரியாகக் கோக்காது. "கொ", "கெ" போன்றவற்றில் கொம்பு இடம் மாறி நிற்கும், சில இடத்தில் வெறும் புள்ளிவட்டம் தெரியும். எழுத்தைத் தனியாக இங்க்ஸ்கேப்பில் தட்டச்சு செய்து, Path மெனுவில் Object to Path கொடுத்து வடிவமாக மாற்றி, படமாக உள்ளே கொண்டுவந்தால் கோணல் வராது. மாற்றிவிட்டால் எழுத்துப் பிழையைத் திருத்த முடியாது, அதனால் மாற்றும் முன் ஒரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது வரிசையில் இரண்டு குறிப்பு என்று எழுதியிருந்தோமே, அவை "நீர் விரும்பும் பகுதி", "நீர் வெறுக்கும் பகுதி" என்ற பாடநூல் சொற்கள். அவற்றைக் குரலில் வைக்காததற்குக் காரணம், வழிகாட்டும் ஆசிரியர் கடைசி வாரத்தில் மாற்றச் சொல்வது பெரும்பாலும் கலைச்சொற்களைத்தான். ஒருவர் தமிழ்ச் சொல் போதும் என்பார், இன்னொருவர் ஆங்கிலச் சொல்லும் வேண்டும் என்பார், மூன்றாமவர் சோப்பு சூழ்ந்த உருண்டையைக் குறிக்கும் "மிசெல்" என்ற சொல் ஏன் இல்லை என்பார். குறிப்பாக இருந்தால் ஒரு படத்தை மாற்றினால் தீர்ந்தது. குரலில் இருந்தால் மறுபதிவு, அதன் பிறகு வரும் எல்லா அசைவுக்கும் புதிய நேரம். மாறக்கூடியது எழுத்தில், மாறாதது குரலில் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

ஸ்கிரிப்ட் கையில் வந்ததும் வரைய ஓடாதீர்கள். கைபேசியில் ஒரு தற்காலிகக் குரல் பதிவு செய்யுங்கள். தரம் முக்கியமில்லை, வேகம் முக்கியம். பத்து சிறு கட்டங்களில் பென்சிலால் கிறுக்கிய படங்களை எடுத்து அந்தக் குரலோடு எடிட்டிங் மென்பொருளில் வரிசையாக வையுங்கள். இதுதான் அனிமேட்டிக், ஒரு மாலை வேலை. எந்தக் காட்சி 9 வினாடி அசையாமல் நிற்கிறது, எது ஒன்றரை வினாடியில் பறந்துவிடுகிறது என்பது அதில்தான் தெரியும். முதலில் ஒலியை நிறுத்திவிட்டு, பாடம் தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். அடுத்து, வேறொருவருக்கு ஒலியை மட்டும் கேட்கவிடுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும், அதனால் பயனில்லை. "உருண்டைகள் ஏன் மறுபடி சேரவில்லை?" என்று கேளுங்கள். படம் மட்டும் பார்த்தவர் இரண்டு உருண்டை விலகியதையாவது சொல்ல வேண்டும். குரல் மட்டும் கேட்டவர் தலைகள் தள்ளுவதைச் சொல்ல வேண்டும். இரண்டு பேருமே விழித்தால் எட்டாவது வரிசையை மறுபடி எழுத வேண்டியதுதான். குரல் மட்டும் கேட்டவரே எல்லாவற்றையும் துல்லியமாகச் சொல்லிவிட்டார் என்றாலும் யோசிக்க வேண்டும்: படம் அலங்காரமாக நிற்கிறது, குரலில் இன்னும் சில சொற்களை எடுத்துவிடலாம் என்று அர்த்தம்.

அனிமேட்டிக் சரியானதும் இறுதிக் குரல். துணிகள் நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து அதன் முன் நின்றால் எதிரொலி குறையும். மின்விசிறியை நிறுத்த வேண்டும். கைபேசியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் "ப" போன்ற எழுத்துகளில் காற்று வெடிக்காது. தொடக்கத்தில் 10 வினாடி வெறும் அறையின் ஒலியைப் பதிவு செய்யுங்கள். இடைவெளிகளை நிரப்ப அது வேண்டும், ஆடாசிட்டியில் இரைச்சலைக் குறைக்கவும் அதுதான் மாதிரி. ஒவ்வொரு வரிசையையும் எண் சொல்லித் தனித்தனியாக, மும்மூன்று முறை பேசட்டும். ஒரே மூச்சில் முழுப் படத்தையும் பதிவு செய்தால் ஒரு சொல் இடறியதற்காக எல்லாவற்றையும் மறுபடி பேசவேண்டி வரும்.

இந்தக் குரலை எடிட்டிங்கில் வைத்து, ஒவ்வொரு வரிசையின் தொடக்க நேரத்தையும் வினைச்சொல் விழும் நேரத்தையும் ஸ்கிரிப்டிலேயே குறித்துவிட்டால், அதன் பிறகுதான் வேலையைப் பிரித்துக் கொடுக்க முடியும். 1, 7, 10 மூன்றும் உள்ளங்கைக் காட்சிகள் என்பதால் ஒருவரிடம்; ஏழில் வரும் துளி உடையும் பகுதி மட்டும் அடுத்தவரிடம் போகட்டும். 2 முதல் 6 வரை இன்னொருவருக்கு, 8, 9 மூன்றாமவருக்கு. சோப்பு மூலக்கூறை ஒருவர் மட்டுமே செய்து, முடித்த கோப்பை எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். ஆளுக்கொன்று வரைந்தால் ஐந்தாவது காட்சியில் ஒல்லியாக இருந்த வால் எட்டாவது காட்சியில் தடித்திருக்கும், நிறமும் ஒரு சாயல் மாறியிருக்கும்.

பின்னணி இசைக்கு இணையத்தில் கிடைப்பதை எடுக்கும்போது உரிமத்தைப் படியுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ND என்று இருந்தால் அந்த இசையை வீடியோவோடு இணைக்கக் கூடாது. இணைப்பதே மாற்றம் செய்ததாகக் கணக்கு. BY என்று இருந்தால் பெயர் போடவேண்டும், அதற்கு ஸ்கிரிப்டின் கடைசியில் 3 வினாடி ஒதுக்கியிருக்க வேண்டும். நம் 75 வினாடிக்குள் அதுவும் அடக்கம்.

எல்லாம் பூட்டிய பிறகும் ஒரு வரியை மாற்றவேண்டிய கட்டாயம் வரலாம். அப்போது அந்தச் சொல்லை மட்டும் வெட்டி ஒட்டப் பார்க்காதீர்கள். குரலின் உயரம் நடுவில் மாறுவது கேட்டவுடன் தெரியும். அந்த வரிசை முழுவதையும் அதே இடத்தில், அதே கைபேசியில், ஏறக்குறைய அதே நேரத்துக்குள் முடியும்படி மறுபடி பேசவைக்க வேண்டும். புதிய வரி பழையதைவிட நீண்டால் வேகமாகப் பேசச் சொல்லாமல், அதே வரிசையில் வேறொரு சொல்லை எடுத்துவிடுங்கள். அடுத்த வரிசைக்கு முன்னால் விட்ட மௌனத்தில் அரை வினாடி கடன் வாங்கலாம். அதற்கு மேல் வாங்கினால் அசைவு வினைச்சொல்லைத் தவறவிடும்.